டொமைன் உங்கள் பெயரில், மெயில் உங்கள் கையில்

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். ஆறு வருடம் ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு இப்போது தனியாகச் செய்ய வந்திருக்கிறேன். விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் "வெப்சைட் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். தெரிந்த தம்பி ஒருவர் டொமைன், ஹோஸ்டிங் எல்லாவற்றையும் தானே வாங்கி, 12,000 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா, நானே செய்துகொள்ளலாமா? நான் செய்த வேலைகள் எல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. தளத்தில் எதைக் காட்டுவது? போன் நம்பரைப் போடவும் பயமாக இருக்கிறது. — ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தம்பியிடம் வேலையைக் கொடுங்கள், தவறில்லை. பக்கங்களை அழகாக அமைத்துத் தருவதற்கு அவருக்குக் காசு கொடுப்பது நியாயம்தான். ஆனால் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, மட்டும் அவர் வாங்க வேண்டாம். அதை நீங்களே, உங்கள் மெயில் முகவரியில் கணக்கு திறந்து, உங்கள் பணத்தில் வாங்குங்கள். பத்து நிமிட வேலை. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,500 ரூபாய் ஆகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டொமைனை யாரும் நிரந்தரமாக வாங்குவதில்லை. ஆண்டு வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். டொமைன் விற்கும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரிடம் யார் பெயரில், யார் மெயிலில் கணக்கு இருக்கிறதோ அவர்தான் வாடகைதாரர். தம்பி தன் கணக்கில் வாங்கிவிட்டு நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால், அல்லது உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாமல் போனால், உங்கள் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருக்கும் முகவரி அவருடையதாக இருக்கும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. மறந்துபோனாலே போதும்.

எனக்கு இது வேறு விதத்தில் நடந்தது. என் முதல் டொமைனை வாங்கியபோது அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தேன். வேலையை விட்ட அன்றே அந்த மெயில் மூடப்பட்டது. காலாவதி ஆவதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். அவையெல்லாம் மூடிய பெட்டிக்குப் போயின. பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "உங்க சைட்டே திறக்க மாட்டேங்குதே" என்றபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. .com போன்ற பெயர்களை ரெஜிஸ்ட்ரார் நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் வந்துவிட்டதால் வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்டி மீட்டேன். அந்த 30 நாளும் தாண்டியிருந்தால் பெயர் சில நாட்களில் பொதுவுக்குப் போயிருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே உங்கள் சொந்த மெயிலைக் கொடுங்கள். வாங்கியவுடன் "முகவரியை உறுதி செய்யுங்கள்" என்று ஒரு மெயில் வரும். அதை 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் டொமைனை நிறுத்திவைக்கலாம். "நேற்று வரை வேலை செய்த தளம் இன்று திறக்கவில்லை" என்று புதிதாகத் தொடங்கியவர்கள் பதறும்போது நான் முதலில் கேட்பது இந்த மெயிலைப் பற்றித்தான். அப்புறம், முதல் ஆண்டு 199 ரூபாய் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். நீங்கள் கடைசிவரை கட்டப்போவது அந்தத் தொகையைத்தான்.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கயல்விழி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் `kayalvizhi` என்பார், இன்னொருவர் `kayalvili`, மற்றொருவர் `kayalvizi`. போனில் சொன்னால் கேட்பவர் எதைத் தட்டச்சு செய்வார் என்று சொல்ல முடியாது. ழ, ற, இரட்டை மெய், நெடில் ஆகிய நான்கும் ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகப் போகும். நான் செய்யச் சொல்வது இதுதான்: தமிழ் தெரியாத ஒருவர் உட்பட மூன்று பேரிடம் போனில் பெயரைச் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயரை எடுங்கள். இல்லையென்றால் பெயரில் பிசகாத பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, தொழிலைச் சொல்லும் ஒரு சொல்லைச் சேருங்கள். கயல் என்ற பகுதியில் குழப்பம் குறைவு. நடுவில் கோடு போடும் பெயர்களைத் தவிருங்கள், ஏனென்றால் போனில் சொல்லும்போது அந்தக் கோடு காணாமல் போய்விடும். .com கிடைத்தால் நல்லது, .in-உம் நல்லதுதான். இந்த முடிவை ஒரு மாலைக்கு மேல் நீட்டாதீர்கள்.

ஹோஸ்டிங், அதாவது பக்கங்களை வைக்கும் இடம், பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டியது நான்கைந்து பக்கங்கள். அவற்றில் தினமும் மாறுவது எதுவும் இல்லை. இதற்கு வேர்ட்பிரஸ் போட்டால் அதன் செருகுநிரல்களை மாதாமாதம் புதுப்பிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் யாராவது உள்ளே புகுந்து சூதாட்ட லிங்குகளைப் போட்டுவிட்டுப் போவார்கள். சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகவே செய்துதரச் சொல்லுங்கள். அவற்றைக் கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் இலவசமாக வைக்கலாம். தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதம் 100 ஜிபி வரை பார்வையாளர்கள் இறக்கலாம் என்பது அதன் வரம்பு. உங்கள் தளம் சில எம்பிதான் வரும். அங்கே கடை நடத்தி விற்க அனுமதி இல்லை, பணிகளைக் காட்டும் பக்கம் வைக்கலாம். வேறு இலவச இடங்களுக்குப் போனால் விதிமுறையைப் படித்துவிட்டுப் போங்கள். உதாரணமாக, வெர்செல்லின் இலவசத் திட்டம் வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்.

டொமைனையும் கிட்ஹப்பையும் இணைப்பது இப்படி. கிட்ஹப்பில், உங்கள் தளத்தின் கோப்புகள் இருக்கும் ரெபாசிட்டரியின் `Settings` பகுதியில் `Pages` என்பதைத் திறந்து உங்கள் டொமைனைக் கொடுங்கள். பிறகு ரெஜிஸ்ட்ராரிடம், டொமைன் எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் இந்த வரிகளைச் சேருங்கள். கடைசி வரியில் உங்கள் கிட்ஹப் பயனர் பெயர் வர வேண்டும்.

```
A      @     185.199.108.153
A      @     185.199.109.153
A      @     185.199.110.153
A      @     185.199.111.153
CNAME  www   username.github.io
```

இங்கே பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்தான். டொமைன் வாங்கியபோது ரெஜிஸ்ட்ரார் தன் விளம்பரப் பக்கத்துக்கு ஒரு A வரியை ஏற்கெனவே போட்டிருப்பார். அதை அழிக்காமல் புதிய நான்கை மட்டும் சேர்த்தால், தளம் சில சமயம் திறக்கும், சில சமயம் விளம்பரம் வரும். உங்கள் போனில் சரியாக வரும், தோழியின் போனில் வராது. அப்படி மாறி மாறி வந்தால் பழைய வரி இருக்கிறது என்று பொருள். அதை அழித்துவிட்டு ஒரு நாள் வரை பொறுங்கள். `Enforce HTTPS` என்ற கட்டம் அப்போதுதான் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும். அதைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால், வருகிறவரின் பிரவுசர் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "பாதுகாப்பற்றது" என்று காட்டும்.

உங்கள் தொழிலில் இருப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் இருக்கிறது. இலவசக் கணக்கில் கிட்ஹப் பேஜஸ் வைத்தால் அதன் கோப்புகள் இருக்கும் இடமும் எல்லாரும் பார்க்கக்கூடியதாகவே இருக்கும். பிறகு அழித்தாலும் பழைய வடிவங்கள் வரலாற்றில் தங்கிவிடும். வாடிக்கையாளரின் கோப்பு எதையும், ஒரு நிமிடம்கூட, அங்கே ஏற்றாதீர்கள்.

சரி, பக்கங்களில் என்ன இருக்க வேண்டும்? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரகசிய ஒப்பந்தக் கேள்விதான். பலர் அதைக் கேட்காமலேயே பழைய வாடிக்கையாளர்களின் லோகோக்களை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் பெயரைச் சொல்லக்கூடாது என்று இருந்தால் லோகோவும் போடக்கூடாது. அதைவிட, உங்களிடம் வேலை தர நினைக்கிறவர் அதைப் பார்த்து, "நம் பெயரையும் இப்படித்தான் போடுவாரோ" என்று யோசிப்பார். "மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றுக்கு, பயனர் கையேடு, சுமார் 40,000 சொற்கள்" என்று பொதுவாக எழுதலாம். அதையும் எழுதும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள், அல்லது அவர்களிடமே மெயிலில் கேட்டு அனுமதி வாங்குங்கள். அப்படிக் கேட்டவர்கள் பலருக்கு "சரி" என்று பதில் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மாதிரிகளுக்கு நான் சொல்லும் வழி, மூலத்தையும் நீங்களே எழுதிக்கொள்வது. நீங்கள் எந்தத் துறையில் வேலை எடுக்க விரும்புகிறீர்களோ அந்தத் துறையில் 150 சொற்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதை மொழிபெயருங்கள். மூலம், மொழிபெயர்ப்பு இரண்டும் உங்களுடையவை. யாருடைய பதிப்புரிமையும் குறுக்கே வராது. மூன்று மாதிரிகள் போதும்.

ஒவ்வொரு மாதிரியின் கீழும் நான்கு வரியில் உங்கள் முடிவுகளைச் சொல்லுங்கள். பிரஷர் குக்கர் கையேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூடியை வலிந்து திறக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சொல்லுக்குச் சொல் போனால் "மூடியைத் திறக்கப் பலத்தைப் பயன்படுத்தாதீர்கள்" என்று வரும். நீங்கள் "ஆவி முழுக்க அடங்கும் முன் மூடியைத் திறக்க முயலாதீர்கள்" என்று எழுதுகிறீர்கள். ஏன்? அடுப்படியில் நிற்பவருக்கு எவ்வளவு பலம் என்பதைவிட எப்போது திறக்கலாம் என்பதுதான் தெரிய வேண்டும். இதை எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு திட்ட மேலாளர் உங்கள் தமிழை மதிப்பிட முடியாது, ஆனால் இந்தக் குறிப்பை ஆங்கிலத்தில் படித்து உங்கள் யோசனையை மதிப்பிட முடியும். ஆகவே குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

மூலத்தையும் தமிழையும் அருகருகே இரண்டு நெடுவரிசையாகப் போட உங்களுக்கும் தம்பிக்கும் ஆசை வரும். கணினியில் நன்றாகத்தான் இருக்கும். போனில் பார்த்தால் தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு ஒரு சொல் என்று உடைந்து தொங்கும். ஒரு ஆங்கிலப் பத்தி, அதன் கீழே தமிழ்ப் பத்தி என்று அடுக்குங்கள். மாதிரிகளைப் படமாக மாற்றிப் போடாதீர்கள். யூனிகோட் எழுத்தாகவே இருக்கட்டும், அதற்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவை இணைத்துவிடுங்கள். பழைய டிடிபி எழுத்துருவில் தட்டிய உரையை அப்படியே ஒட்டினால் மற்றவர் திரையில் அது வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

முகப்புப் பக்கத்தின் முதல் திரையில், விரலால் தள்ளுவதற்கு முன்பே, மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு, எந்தத் துறை, ஒரு நாளைக்கு எத்தனை சொல். முழுநேர மொழிபெயர்ப்பாளர் நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 சொற்கள் வரை செய்வது இத்தொழிலில் வழக்கமான கணக்கு. உங்கள் உண்மையான எண்ணை எழுதுங்கள். "வணக்கம், என் தளத்துக்கு வரவேற்கிறேன்" என்பதற்கு அங்கே இடமில்லை. கீழே மாதிரிகள், அதன் கீழே உங்களைப் பற்றி ஒரு பத்தி, நீங்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பு மென்பொருள், பிறகு தொடர்பு. கட்டணத்தைப் போடுவதா என்றால், தொகையைப் போடாமல் அலகை மட்டும் போடுவதே என் விருப்பம்: மூலச் சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவேன், குறைந்தபட்சக் கட்டணம் உண்டு என்று.

தம்பியிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சிறு படமும் தலைப்பும் வருமே, அது தானாக வராது. அதற்குப் பக்கத்தின் தலைப்பகுதியில் `og` என்று வரும் இரண்டு வரிகள் வேண்டும். `viewport` வரி, பக்கம் போன் திரைக்கு ஏற்ப அமைவதற்கு. (.example என்பது எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். அந்த இடத்தில் உங்கள் டொமைனைப் போடுங்கள்.)

```html
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
<meta property="og:title" content="English to Tamil translator">
<meta property="og:image" content="https://kayal.example/card.jpg">
```

படத்தின் முகவரி `https` முதல் முழுசாக இருக்க வேண்டும். `card.jpg` என்று மட்டும் போட்டால் படம் வராது. 1200×630 அளவில், சில நூறு கேபிக்குள் இருந்தால் போதும்.

இனி தொடர்பு விவரம். தளத்தில் போடும் மெயில் உங்கள் டொமைனிலேயே இருக்கட்டும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வரும் மெயிலை உங்கள் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் இலவச வசதி. கிளவுட்ஃபிளேரில் அது கிடைக்கிறது. ஆனால் அது வாங்கித்தான் தரும், அதிலிருந்து அனுப்ப முடியாது. நீங்கள் பதில் போடும்போது ஜிமெயில் முகவரிதான் போகும். மற்றொன்று, ஜோஹோ மெயில் போன்ற இடத்தில் முழுப் பெட்டியாக எடுப்பது. தொழில் செய்கிறவருக்கு இரண்டாவதுதான் சரி என்பேன்.

பெட்டி எடுத்தவுடன் அவர்கள் டிஎன்எஸ்ஸில் சேர்க்கச் சில வரிகள் தருவார்கள். MX வரிகள் மெயில் வருவதற்கு. SPF, DKIM என்ற இரண்டு TXT வரிகள், நீங்கள் அனுப்பும் மெயில் உண்மையாகவே உங்களுடையது என்று காட்டுவதற்கு. MX மட்டும் போட்டாலே மெயில் வந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் உங்கள் பதில்கள் ஸ்பாமில் விழக்கூடும். "கட்டண விவரம் அனுப்பினேன், பதிலே இல்லை" என்று பலரும் வருந்துவதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். `v=spf1` என்று தொடங்கும் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. சோதிப்பது எளிது. ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, கணினியில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் `Show original` என்பதைப் பாருங்கள். SPF, DKIM இரண்டுக்கும் நேராக `PASS` என்று இருக்க வேண்டும்.

தளத்தில் படிவம் மட்டும் வைக்காதீர்கள். பெயர், செய்தி எல்லாம் நிரப்பி அனுப்பினால் "நன்றி" என்று காட்டும். பின்னால் அது உடைந்திருந்தாலும் அதே நன்றியைக் காட்டக்கூடும். அனுப்பியவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மெயில் முகவரியை, நகலெடுக்கும்படியாக, எழுத்தாகவே போடுங்கள்:

```html
<a href="mailto:hello@kayal.example">hello@kayal.example</a>
```

"மெயில் அனுப்ப இங்கே அழுத்தவும்" என்ற பொத்தானாக மட்டும் வைத்தால், மெயில் செயலி இல்லாத அலுவலகக் கணினியில் அழுத்தும்போது ஒன்றுமே நடக்காது. முகவரி கண்ணுக்குத் தெரிந்தால் அவர் நகலெடுத்து அனுப்பிவிடுவார். பக்கத்திலேயே, "இந்திய நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை, ஒரு வேலை நாளுக்குள் பதில் தருவேன்" என்றும், விசாரிக்கும்போது சொல் எண்ணிக்கை, கோப்பு வகை, முடிக்க வேண்டிய நாள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பும்படியும் எழுதுங்கள். இரண்டு மூன்று மெயில் மிச்சமாகும்.

போன் நம்பரைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. போடாமலே இருக்கலாம். எழுத்து வேலைக்கு மெயில் போதும். உள்ளூர் வாடிக்கையாளர்களுக்காகப் போட நினைத்தால் தொழிலுக்கென்று தனி சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸில் அந்த எண்ணை மட்டும் வையுங்கள். வீட்டு முகவரி வேண்டாம், "திருநெல்வேலி" என்பதே போதும். சுயவிவரத்தை பிடிஎஃப் ஆகத் தரவிறக்கும்படி வைக்கவே வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்களின் சுயவிவரங்களை இப்படி எடுத்து, மெயிலை மட்டும் மாற்றி, அவர்கள் பெயரில் வேலை வாங்கி ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. கேட்பவருக்கு மட்டும், பிறந்த தேதியும் பான் எண்ணும் இல்லாத பிரதியை, உங்கள் டொமைன் மெயிலிலிருந்து அனுப்புங்கள். அந்த மெயிலிலிருந்து வருவது மட்டுமே நான் என்று தளத்திலும் ஒரு வரி போட்டுவிடலாம்.

தம்பி முடித்துக் கொடுத்ததும் பணத்தைக் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ராரிலும் கிட்ஹப்பிலும் உங்கள் மெயிலில் நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள், இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் தளத்தைப் பார்த்தேயிராத ஒருவரின் போனில், வைஃபை அணைத்து, முகவரியைச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அங்கிருந்தே உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் பதில் போடுங்கள், அது அவருடைய இன்பாக்ஸில் விழுகிறதா என்று அந்தப் போனிலேயே பாருங்கள். டொமைன் காலாவதி தேதிக்கு இரண்டு மாதம் முன்பாக உங்கள் காலண்டரில் ஒரு குறிப்பும் போட்டுவையுங்கள்.